வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடும் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அம்மா, ஐயா, அக்கா, தம்பிகளுக்கு,

நாகப்பட்டினம், வேதாரண்யம், கடலூர்ப் பக்கம் இன்வெர்ட்டரும் மருத்துவக் கருவிகளும் பழுது பார்ப்பது என் தொழில். உங்களில் பலர் வீட்டுக்கு நான் வந்திருக்கலாம். கூடத்தின் ஓரத்தில் கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று கட்டிலுக்குப் போகும், கட்டிலில் இருப்பவர் அப்பாவாகவோ மாமியாராகவோ இருப்பார். வேலை முடிந்து கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா இந்த பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?"

வாசலில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள் கிராமங்களுக்குக் கரண்ட் வர நாட்கள் அல்ல, வாரங்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் தண்ணீர் நின்ற பகுதிகளில் நாள்கணக்கில் இணைப்பு இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். புயல் நெருங்கும்போது கம்பி அறுந்து உயிர் போகாமல் இருக்க ஈபிக்காரர்கள் முன்கூட்டியே லைனை நிறுத்திவிடுவார்கள். அது சரியான காரியம்தான். ஆனால் உங்கள் பேட்டரி, காற்று அடிக்கத் தொடங்கும் முன்பே கரையத் தொடங்கிவிடும். புயல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போது, அது காலியாகும்.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இது தெரிந்தால்தான் பின்னால் வரும் கணக்கு விளங்கும்.

கான்சன்ட்ரேட்டருக்குள் இருப்பது ஒரு கம்ப்ரஸர். அறைக் காற்றை இழுத்து அழுத்தி, ஜியோலைட் என்ற மணி மணியான பொருள் நிரப்பிய இரண்டு உருளைகளுக்குள் மாற்றி மாற்றித் தள்ளுகிறது. ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆக்ஸிஜன் மறுபக்கம் வருகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை "புஸ்" என்று கேட்கிறதே, அது ஒரு உருளை பிடித்துவைத்த நைட்ரஜனை வெளியே விட, அடுத்த உருளை வேலையை ஏற்றுக்கொள்ளும் சத்தம். உங்கள் கையில் இருக்கும் குமிழ், உள்ளே மிதக்கும் சின்னப் பந்தை 2-இல் நிறுத்துவதோ 5-இல் நிறுத்துவதோ, எல்லாம் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் சுற்றும். நீங்கள் 2 லிட்டர் எடுத்தாலும் 5 லிட்டர் எடுத்தாலும் அது அழுத்துகிற காற்று ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில், உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நுரையீரல் அடைப்பு நோயோடு இருக்கிறார். டாக்டர் 2 லிட்டர், நாள் முழுவதும் என்று எழுதியிருக்கிறார். பார்த்துக்கொள்வது மருமகள். கரண்ட் போனதும் அவர் செய்யும் முதல் காரியம், குமிழை 1-க்குத் திருகுவது. "பேட்டரி ரெண்டு மடங்கு நேரம் வரும்ல அண்ணே?" என்று கேட்டார். வராது. பெரியவருக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் பாதியானதுதான் மிச்சம். கரண்ட் மிச்சமாகவில்லை. சில புது மாடல்களில் குறைந்த ஓட்டத்தில் கொஞ்சம் வாட் குறையும், ஆனால் அதுவும் பாதியாகாது. டாக்டர் சொன்ன அளவைக் குறைத்து பேட்டரியை மிச்சப்படுத்த எண்ணாதீர்கள்.

அப்படியானால் மெஷின் எவ்வளவு இழுக்கிறது? 5 லிட்டர் மெஷின் என்றால் பொதுவாக 300 முதல் 350 வாட். 10 லிட்டர் மெஷின் 550 முதல் 600 வாட். பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் எழுதியிருப்பது ஒரு வழிகாட்டிதான். உங்கள் மெஷின் உங்கள் வீட்டில் எவ்வளவு எடுக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை, வாசலில் ஈபி மீட்டர் இருக்கிறது.

அந்த மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே 3200 imp/kWh என்பது போல அச்சிட்டிருக்கும். 3200 தடவை மினுங்கினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு பகல் வேளையில் ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார், டிவி என எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரின் சார்ஜிங்கையும் நிறுத்திவிடுங்கள், அதுவும் கரண்ட் இழுக்கும். மெஷின் மட்டும் ஓடட்டும். ஒருவர் கைபேசியில் ஒரு நிமிடம் பார்க்க, இன்னொருவர் மினுங்கலை எண்ண வேண்டும். 3200 மீட்டரில் ஒரு நிமிட எண்ணிக்கையை 18.75-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். 1600 என்று போட்டிருந்தால் 37.5-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

உப்பளத்துப் பெரியவர் வீட்டில் மருமகள் வாசலில் நின்று எண்ண, உள்ளே பேரன் நேரம் சொன்னான். நிமிடத்துக்கு 18 வந்தது. 18 × 18.75, சுமார் 340 வாட். குமிழை டாக்டர் சொன்ன 2-இலேயே வைத்து எண்ணினோம். பிறகு பெரியவரின் மூக்குக் குழாயை சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெஷினை 5-இல் வைத்து மறுபடி எண்ணினோம். அப்போதும் 18 தான். நான் எவ்வளவு சொல்லியும் முழுதாக நம்பாதவர், அந்த இரண்டாவது 18-ஐப் பார்த்ததும் நம்பினார்.

340 வாட் என்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு இந்த ஒரு மெஷின் மட்டுமே 490 யூனிட்டைத் தொடும். மின் கட்டணம் ஏன் இப்படி ஏறியது என்று தவிக்கும் வீடுகளுக்கு இதுதான் விடை. அது தனி வருத்தம், இந்த மடலில் அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் தனியாக ஒரு சொல். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கிடைத்ததை வாங்கினோம். அப்படி வந்த 10 லிட்டர் மெஷின்கள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. உங்கள் நோயாளிக்கு டாக்டர் எழுதியிருப்பது 2 அல்லது 3 லிட்டர்தான் என்றால், 600 வாட் மெஷினைக் கட்டி இழுக்க வேண்டிய தேவை இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 5 லிட்டர் மெஷினுக்கு மாறினால் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வரும். பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய காரியம் இது.

இனி பேட்டரிக்கு வருவோம். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. கடைக்காரர் போடும் கணக்கு இப்படி: 12-ஐ 150-ஆல் பெருக்கு, 1800. அதை 340-ஆல் வகு, ஐந்து மணி நேரம் வரும். பெருக்கல் சரிதான். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை உங்கள் வீட்டில் பார்க்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். பேட்டரியில் இருப்பது டிசி, மெஷினுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏசி. மாற்றித் தரும் வேலைக்கு இன்வெர்ட்டர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெஷினுக்கு 340 வாட் போய்ச் சேர, பேட்டரியிலிருந்து 400 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டில் 400 வாட் என்றால் 33 ஆம்பியருக்கு மேல். இப்போது பேட்டரியின் மேல் எழுதிய 150-ஐப் பாருங்கள், அதன் அருகே சி20 என்று இருக்கும். ஏழரை ஆம்பியர் வீதம் நிதானமாக 20 மணி நேரம் எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். இரண்டு ஃபேன், நான்கு விளக்கு ஓடும் வீட்டுக்கு அது ஏறத்தாழ பொருந்தும். 33 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால் ஈய-அமில பேட்டரி அவ்வளவையும் தராது. உள்ளே தகட்டில் நடக்கும் வேதிவினை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வோல்ட்டேஜ் இறங்கி, பத்தரை வோல்ட் பக்கம் வந்ததும் இன்வெர்ட்டர் தானே நிறுத்திவிடும். புத்தம் புது 150 பேட்டரியில் சுமார் 110, 115 கிடைத்தால் நல்லது. ஆக, புது பேட்டரிக்கு மூன்று மணி நேரம், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இரண்டு, மூன்று வருடம் ஓடிய பேட்டரிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனும் டியூப்லைட்டும் சேர்ந்து ஓடினால் அதிலும் கால் பங்கு குறையும். ஆகவே மெஷினுக்கென்று தனி இன்வெர்ட்டர் வைப்பதே நல்லது. முடியாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேகமாக உறிஞ்சினாலும் எழுதிய அளவை ஏறக்குறைய முழுதாகத் தரும் என்பது அதன் சிறப்பு. 12.8 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம், இந்த மெஷினுக்கு, புது 150 டியூபுலருக்குச் சமமான மூன்று மணி நேரத்தைத் தரும். சார்ஜும் சீக்கிரம் ஏறும். விலை கூடுதல். வாங்குவதாக இருந்தால் உங்கள் இன்வெர்ட்டர் அதை சார்ஜ் செய்யக்கூடியதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூ.பி.எஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் 7 ஏ.எச். பேட்டரி இந்த மெஷினைச் சில நிமிடங்களே தாங்கும்.

இன்வெர்ட்டர் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் மோட்டார் கரகரவென்று இரையும், சூடேறும், நாளடைவில் கெடும். சைன் வேவ்தான் வேண்டும். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் 340 வாட் மெஷினுக்கு 400 வி.ஏ. போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 1000 வி.ஏ.வுக்குக் குறையாமல் பாருங்கள். கடைக்காரர் மாட்டிவிட்டுப் போகும் முன், மெயினை அணைத்துவிட்டு பேட்டரியிலேயே மெஷினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தாங்கும் இன்வெர்ட்டர், நின்ற மெஷினைக் கிளப்பும்போது ஓவர்லோட் என்று விழுந்துவிடுவது உண்டு. மெஷின் நின்றுபோனால் உடனே சுவிட்சைத் தட்டாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். உள்ளே அடைபட்ட அழுத்தம் இறங்கினால் மோட்டார் சிரமமில்லாமல் கிளம்பும். கிளம்பிய பிறகும் சரியான சுத்தத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை நோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கட்டும்.

நான் சொன்ன மூன்று மணி, இரண்டு மணி எல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு ஒரு சோதனையில்தான் தெரியும். மழை இல்லாத ஒரு நாள் காலை, பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, நோயாளியை சிலிண்டருக்கு மாற்றுங்கள். பிறகு யாரும் மூச்சுவாங்காத வெறும் மெஷினை இன்வெர்ட்டரில் ஓட விடுங்கள். மணியைக் குறித்துக்கொண்டு, இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தும் வரை பாருங்கள். அந்த நேரம்தான் உங்களுடையது. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி இன்வெர்ட்டர் மேல் ஒட்டுங்கள், உடனே முழு சார்ஜ் ஏற்றிவிடுங்கள். வருடத்துக்கு இருமுறை இதைச் செய்தால் போதும். நேரம் குறைந்துகொண்டே வந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பாருங்கள், அது சரியாக இருந்தும் குறைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உப்பளத்துப் பெரியவர் வீட்டில் சோதித்தபோது இரண்டு மணி நேரம்கூட முழுதாக வரவில்லை. அதுவரை "ஆறு மணி நேரம் வரும்" என்ற நம்பிக்கையில் இருந்தார்கள், கடையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம்.

சரி, இன்னொரு பேட்டரி சேர்த்தால்? நான்கு மணி நேரம் வரும், ஆறு வரும். அன்றாட கரண்ட் கட்டுக்கு அது போதும், நல்லதும்கூட. ஆனால் கஜா மாதிரி ஒன்றுக்கு? இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது பேட்டரி மூன்று மணி நேரம் என்றால் 16 பேட்டரி வேண்டும். எந்த வீட்டில் வைப்பது? அதோடு, வடிந்த பேட்டரியை மீண்டும் நிரப்ப இன்வெர்ட்டருக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். புயலுக்குப் பிறகு கரண்ட் வரும் விதம் உங்களுக்குத் தெரியும்: இரண்டு மணி நேரம் வரும், மறுபடி போகும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஏறும் சார்ஜ், மெஷினை அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓட்டும். முதல் நாள் மூன்று மணி நேரம் தந்த பேட்டரியை மறுநாளும் அதே அளவுக்கு நம்பினால் ஏமாந்துபோவோம்.

இப்போது அதே 48 மணி நேரத்தை ஆக்ஸிஜனாகக் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர், மணிக்கு 120, 48 மணிக்கு 5,760 லிட்டர். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் பெரிய டி டைப் சிலிண்டர் ஒன்றில் 7,000 லிட்டர் இருக்கிறது. பதினாறு பேட்டரி செய்யும் வேலையை ஒரு சிலிண்டர் செய்கிறது, கரண்டே இல்லாமல். நான் இந்த மடலை எழுதுவதே இந்த ஒரு ஒப்பீட்டுக்காகத்தான். நோயாளிக்குக் குறைந்த ஓட்டம் போதும் என்றால், கரண்டைச் சேமித்து வைப்பதைவிட ஆக்ஸிஜனையே சேமித்து வைப்பது பல மடங்கு எளிது. மெஷின், ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் அதே 340 வாட்டைத் தின்னும். சிலிண்டரோ எடுத்ததைத்தான் கொடுக்கும், எடுக்காததை உள்ளேயே வைத்திருக்கும்.

பேட்டரி ஒன்று இருக்கட்டும். கரண்ட் போன நொடியில் தூக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றி, நீங்கள் எழுந்து சிலிண்டரை மாட்ட அவகாசம் தருவது அதுதான். தினமும் வரும் ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடைக்கும் அது போதும். நீண்ட தடைக்கு சிலிண்டர். ஒரு பெரியதும், கூடவே இரண்டு பி டைப் சின்ன சிலிண்டரும் இருந்தால் 2 லிட்டர் வீடு மூன்று நாளைத் தாண்டும். பி டைப்பில் 1,500 லிட்டர், 2 லிட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம். வெள்ளத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போகக்கூடியதும் அதுதான்.

சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்தே சொல்லலாம். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை முள் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். பி டைப்புக்குக் கொள்ளளவு 10 லிட்டர். முழு சிலிண்டரில் முள் 150 பக்கம் நிற்கும், ஆகவே 1,500. முள் 80-க்கு வந்துவிட்டால் 800 லிட்டர், 2 லிட்டர் ஓட்டத்தில் ஆறரை மணி நேரம். டி டைப்புக்குக் கொள்ளளவு 46.7 லிட்டர், கணக்கு அதேதான். கடைசிச் சொட்டு வரை எண்ணாமல், முள் 20-க்கு வரும்போது அடுத்ததை மாட்டத் தயாராகுங்கள்.

சிலிண்டர் வந்து சேர்ந்த அன்றே ரெகுலேட்டரை மாட்டிப் பாருங்கள். சின்ன சிலிண்டரின் ரெகுலேட்டர் பெரியதில் பொருந்தாமல் போவது உண்டு. வால்வைத் திறக்கும் சாவியும் ஒரு மாற்று வாஷரும் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டித் தொங்கட்டும். இருட்டில் சாவி தேடி ஓடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தேங்காயெண்ணெய் பட்ட கையோடு ரெகுலேட்டரைத் தொடாதீர்கள், மரை இறுகியிருக்கிறது என்று எண்ணெய் விடவே விடாதீர்கள்; அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். பெரிய சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டிவையுங்கள். கரண்ட் இல்லாத இரவில் நம் கை தானாக மெழுகுவத்திக்கும் சிம்னி விளக்குக்கும் போகும். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் இரண்டும் கூடாது, ஊதுபத்தியும் கொசுவத்தியும் கூடாது. போர்வையிலும் தலையணையிலும் ஆக்ஸிஜன் ஊறியிருக்கும், ஒரு பொறி போதும். சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு இரண்டு வாங்கி வையுங்கள்.

சிலிண்டரில் வருவது மெஷினில் வருவதைவிடச் சற்றுச் சுத்தமான ஆக்ஸிஜன். நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமாகப் போனால் உடம்பில் கரியமில வாயு தேங்கி, மயக்கமும் குழப்பமும் வரும். பயத்தில் ஓட்டத்தைக் கூட்டிவிடுவது அவர்களுக்கு ஆபத்து. ஆகவே இப்போதே உங்கள் நுரையீரல் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஆக்ஸிமீட்டரில் எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டும், சிலிண்டரில் எத்தனை லிட்டர் வைக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

4, 5 லிட்டர் தேவைப்படுவோருக்கு இந்தக் கணக்கு மாறிவிடும். 5 லிட்டர் ஓட்டத்தில் 48 மணி நேரத்துக்கு 14,400 லிட்டர். இரண்டு பெரிய சிலிண்டர்கூடப் போதாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெனரேட்டர் ஒன்று வேண்டும், அல்லது புயல் எச்சரிக்கை வந்ததுமே ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் இந்த மெஷினைக் கிளப்பி ஓட்டும், கூடவே பேட்டரியையும் சார்ஜ் செய்யும், மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதைத் திண்ணையிலோ கூடத்திலோ வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். கான்சன்ட்ரேட்டர் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் இருபது அடிக்கு அப்பால், புகை வீட்டுப் பக்கம் வராத திசையில் வையுங்கள். புயலடிக்கும்போது வெளியே மழையில் வைத்து ஓட்டவும் முடியாது என்பதால், ஜெனரேட்டர் வீட்டிலும் முதல் இரவுக்கு ஒரு சிலிண்டர் இருந்தே ஆக வேண்டும்.

கரண்ட் திரும்ப வந்ததும் மெஷினை உடனே லைனுக்கு மாற்றாதீர்கள். புயலுக்குப் பின் நியூட்ரல் கோளாறில் 230 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் வந்து மெஷின் பலகை எரிவது உண்டு. விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசிக்கிறதா, ஃபேன் வேகம் எகிறுகிறதா என்று பார்த்து, ஒரு கால் மணி நேரம் நிலையாக இருந்த பிறகு மாற்றுங்கள். மெஷினுக்கு ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லது.

உங்கள் பகுதி ஈபி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்: இந்த இணைப்பு எண் உள்ள வீட்டில் ஆக்ஸிஜன் நோயாளி இருக்கிறார் என்று. உடனே லைன் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, ஆனால் லைன்மேனுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மின்னகம் எண் 94987 94987, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் இன்வெர்ட்டர் மேல் ஒட்டிய அதே தாளில் எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும், நம் கரைக்குப் பெரிய புயல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்திருக்கின்றன. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு சிலிண்டர் கடைக்குப் போனால் வரிசை நிற்கும், நிரப்பும் ஆலைக்கும் கரண்ட் இருக்காது. அக்டோபர் பிறக்கும் முன் சிலிண்டரை நிரப்பி, ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்து, பேட்டரி சோதனையை முடித்துவிடுங்கள். இந்த வாரமே ஒரு காலையில் மீட்டர் முன் நின்று மினுங்கலை எண்ணத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் மெக்கானிக்